மில் துடைத்த காசு யார் கணக்கில்?

கேள்வி: எங்கள் ஆலையில் கறித்தூளும் ஒடியல் மாவும் அரைக்கிறோம். எந்தப் பொருளுக்கென்று நேரே பிரிக்க முடியாத மேந்தலைச் செலவை ஊழிய மணித்தியாலத்துக்கு 300 ரூபாய் வீதம் இரண்டிலும் ஏற்றுகிறோம். ஒடியல் மாவில் மேந்தலைக்கு முன் கிலோவுக்கு 200 ரூபாய் மிஞ்சும். புதிதாக வந்த கணக்காளர், செயற்பாட்டு அடிப்படைக் கிரயவியலில் பார்த்தால் அதில் நட்டம் என்கிறார். மொத்தச் செலவு ஒரு சதமும் கூடவில்லையே! (விபரத்தாள் இணைத்துள்ளேன்.)
– ஆலை உரிமையாளர், சுன்னாகம்

பதில்: கூடவில்லைத்தான். இத்தனை நாளும் அதைக் கறித்தூள் சுமந்தது.

உங்கள் தாளில் மாத மேந்தலை 3,00,000 ரூபாய், ஊழியம் 1,000 மணித்தியாலம். கறித்தூள் 2,000 கிலோவுக்கு 800, ஒடியல் மா 500 கிலோவுக்கு 200. ஆக, எதை அரைத்தாலும் கிலோவுக்கு 120 ரூபாய்.

கணக்காளர் சொல்லும் முறையோ, செலவை அதை உண்டாக்கும் வேலைகளின்படி பிரிப்பது. அதைப் பார்க்க இனி மில்லடிக்குப் போவோம். கறித்தூள் 200 கிலோவாக 10 தரம் அரைபடுகிறது. ஒடியல் மா 25 கிலோ ஓடர்களாக 20 தரம். மிளகாய் நெடியோடு ஒடியல் மா போனால் யார் கூழ் காய்ச்சுவார்? அதனால் ஒவ்வொரு தரமும் மில்லைக் கழற்றித் துடைக்கிறீர்கள். 25 கிலோ என்பதற்காகத் துடைக்கிற வேலை குறையாது. அந்த வேலைக்கு மாதம் 1,20,000 ரூபாய். 30 தரத்துக்குப் பிரித்தால் ஒரு தரம் 4,000. கறித்தூளுக்கு 40,000, ஒடியல் மாவுக்கு 80,000.

மிச்சம் 1,80,000 மில் ஓடும் செலவு. அது 200 மில் மணித்தியாலத்துக்கு, அதாவது மணிக்கு 900. கறித்தூளின் 160 மணிக்கு 1,44,000, ஒடியலின் 40 மணிக்கு 36,000. கூட்டினால் கறித்தூள் கிலோவுக்கு 92 ரூபாய், ஒடியல் மா 232. உங்கள் 80 ரூபாய் இலாபம் 32 ரூபாய் நட்டமானது இப்படித்தான். எல்லாம் கையால் நடந்த காலத்தில் ஊழிய மணித்தியாலம் போதுமாக இருந்தது. 1980களில் ஹார்வர்ட் பேராசிரியர்கள் கப்லனும் கூப்பரும் பிடித்துக்கொண்ட ஓட்டை இதுதான்.

அதற்காக நாளைக்கே ஒடியலை நிறுத்திவிடாதீர்கள். துடைக்கிறவருக்கு மாதச் சம்பளம். அது அப்படியே நிற்கும். ஓடர்களைச் சேர்த்து 50 கிலோவாக அரையுங்கள், 10 துடைப்பு குறையும். அப்புறம் ஒரு பொறி இருக்கிறது: 1,20,000-ஐ மிஞ்சிய 20 துடைப்புக்குப் பிரித்தால் ஒன்று 6,000 ஆகி, எதுவும் மாறாத கறித்தூளின் கணக்கில் 20,000 ஏறிவிடும். செய்யக்கூடிய 30 துடைப்பை வைத்தே வீதத்தை 4,000 என விட்டு, 40,000 ரூபாயைச் 'சும்மா கிடக்கும் ஆற்றல்' என்று தனி வரியில் எழுதச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் அவரிடம் வேறு வேலை வாங்குகிறீர்களா என்பது உங்கள் கையில்.