உவமை, மரபுத்தொடர், பழமொழி: தருமபுரி தமிழாசிரியரிடம் கேட்டவை

பென்னாகரத்திலிருந்து, குரூப் 4-க்குப் படிப்பவர்: ஐயா, 'உள்ளங்கை நெல்லிக்கனி போல' என்பதற்குக் 'கொடை' என்று குறித்தேன். நம்ம அதியமான் ஔவைக்குக் கொடுத்த கனிதானே அது? விடை 'தெளிவு' என்கிறார்கள்.

தகடூர் மண்ணில் பிறந்தவர்களுக்கு அந்தக் கதைதான் முதலில் ஞாபகம் வரும். ஔவையே புறநானூற்று 91-ஆம் பாட்டில் அந்தக் கனியைப் பாடியிருக்கிறார். ஆனால் இந்தத் தொடரில் கொடுப்பவரும் இல்லை, வாங்குபவரும் இல்லை. கையை விரித்தால் கனி முழுசாகத் தெரிகிறது, அவ்வளவுதான். அதனால் விடை தெளிவு.

உவமைக் கேள்வியில் என்ன பொருள் வந்திருக்கிறது என்பதைவிட, அதற்கு என்ன நேர்கிறது என்று பாருங்கள். அதே நெல்லிக்காயை மூட்டையோடு கொட்டினால் திசைக்கொன்றாக உருண்டு ஓடும். அதனால்தான் 'நெல்லிக்காய் மூட்டையைக் கொட்டினாற் போல' என்றால் ஒற்றுமையின்மை. விளக்கும் அப்படித்தான். குன்றின் மேல் வைத்தால் ஊருக்கே தெரியும், குடத்துள் வைத்தால் யாருக்கும் தெரியாது. தொடரைப் பாதி படித்துவிட்டு விடை குறிப்பவர்கள் இந்த ஜோடிகளில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

அரூரிலிருந்து: 'போல' வந்தால் உவமை, வராவிட்டால் மரபுத்தொடர். இப்படிப் பிரித்தால் போதும்தானே சார்?

பாதி தூரம் போகும். 'கிணற்றுத் தவளையாக இருக்காதே' என்பதில் 'போல' இல்லை, ஒப்பீடு இருக்கிறது. பழமொழியை இந்தக் கணக்கில் நீங்கள் சேர்க்கவே இல்லை. 'ஆழம் தெரியாமல் காலை விடாதே' தனியாக நின்றே ஒரு கருத்தைச் சொல்லி முடித்துவிடும். 'கயிறு திரிப்பது' தனியாக நிற்காது; யார் திரித்தார், எதற்கு என்று கேட்கத் தோன்றும்.

ஊத்தங்கரை, பத்தாம் வகுப்பு மாணவன்: வாக்கியத்தில் அமைக்கச் சொன்னதற்கு 'முருகன் கம்பி நீட்டினான்' என்று எழுதினேன். மார்க் போடவில்லை. தப்பு ஒன்றும் இல்லையே ஐயா?

இலக்கணத் தப்பு இல்லை தம்பி. ஆனால் முருகன் பட்டறையில் வேலை செய்கிறவனாகக்கூட இருக்கலாமே! தொடரின் பொருள் உனக்குத் தெரியும் என்பதற்கு வாக்கியத்தில் சாட்சி இல்லை.

இப்படி எழுதிப் பார்: 'பந்து பட்டு ஜன்னல் கண்ணாடி உடைந்ததும், அடித்தவன் கம்பி நீட்டிவிட்டான்.' இப்போது 'கம்பி நீட்டி' என்பதை விரலால் மறைத்துக்கொள். அந்த இடத்தில் 'ஓடி' என்றுதான் எவரும் நிரப்புவார்கள். 'அவள் முதலைக் கண்ணீர் வடித்தாள்' என்பதில் 'முதலை'யை மறைத்தால் நிஜமான அழுகையாகவே ஆகிவிடும். 'பாட்டி படுத்த படுக்கையாக இருந்தபோது எட்டிப் பார்க்காதவர், சொத்துப் பேச்சு வந்த அன்று முதலைக் கண்ணீர் வடித்தார்' என்றால் சந்தேகமே வராது. காரணமோ சூழலோ ஒரு துண்டு முன்னால் வந்தால் போதும். பின்னால் 'அதாவது ஓடிவிட்டான்' என்று ஒட்டவைக்காதே.

காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு அம்மா: என் பொண்ணு நீர் மேலாண்மைக் கட்டுரையில் இப்படி எழுதியிருக்கிறாள்: 'அத்தி பூத்தாற் போல மழை பெய்யும் எங்கள் ஊரில் மக்கள் மடை திறந்த வெள்ளம் போலத் தண்ணீருக்கு ஓடுகிறார்கள். தண்ணீர் கானல் நீராகிவிட்டது.' டியூஷனில் பாராட்டினார்களாம். எனக்கு என்னவோ போல இருக்கிறது.

உங்கள் காது சரியாகத்தான் கேட்கிறது அம்மா. இரண்டு வரியில் மூன்று தொடர். தண்ணீர் இல்லாத ஊரில் வெள்ளம் வருகிறது, தண்ணீரே கானல் நீராகிறது. பாப்பா பட்டியலை மனப்பாடம் செய்து, தலைப்பில் 'நீர்' இருப்பதைப் பார்த்து எல்லாவற்றையும் இறக்கிவிட்டாள்.

ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற இடத்தில் கண்ணால் பார்த்ததை எழுதச் சொல்லுங்கள். 'எங்கள் ஏரி நிரம்புவது அத்தி பூத்தாற் போலத்தான். நிரம்பினாலும் மதகுப் பலகை உடைந்திருப்பதால் சில வாரங்களில் நீர் வடிந்துவிடுகிறது.' இரண்டாவது வரியில் தொடரே இல்லை, ஆனால் முதல் வரியை அதுதான் தாங்குகிறது. நாலைந்து பத்திக் கட்டுரைக்கு இரண்டு தொடர் தாராளம். எழுதி முடித்த பிறகு, தொடரை எடுத்துவிட்டுப் படிக்கட்டும். எதுவும் குறையவில்லை என்றால் அது வேண்டாம்.

ஓசூரிலிருந்து: 'சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்' தவறு, 'சஷ்டியில் இருந்தால்' என்பதே சரி என்று வாட்ஸ்அப்பில் வந்தது. தேர்வில் எதை எழுதுவது?

சட்டியையே எழுதுங்கள். இருப்பதுதான் வெளியே வரும் என்பது அடுப்படியில் நிற்கிறவர்களுக்கு உடனே விளங்கும். விரதத்தைக் கொண்டுவர அவசியமே இல்லை. 'ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்' என்பதை 'வேரைக் கொண்டவன்' என்று திருத்துவதில் மட்டும் ஏதோ நியாயம் இருப்பதாக எனக்குப் படுகிறது. என் கூட வேலை பார்த்த ஆசிரியர் ஒருவர் அதையும் ஒத்துக்கொள்ள மாட்டார். தேர்வில் உங்கள் பாடநூலில் உள்ள வடிவமே பாதுகாப்பு.

கிருஷ்ணகிரி, மாங்காய் மண்டியில் கணக்கு எழுதுபவர்: எனக்குத் தேர்வெல்லாம் இல்லைங்க. பாக்கி வைத்திருக்கும் வியாபாரிக்குக் கடிதம் எழுதணும். 'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்று ஆரம்பிக்கலாமா?

வேண்டாங்க. அது கணக்கு வைத்துக்கொள்ளச் சொல்கிற பழமொழி. அவரோ கணக்குத் தெரிந்தும் கொடுக்காதவர். பாக்கித் தொகை, சரக்கு போன தேதி, எந்த நாளுக்குள் வேண்டும், இந்த மூன்றை எழுதுங்கள். பழமொழி சொல்லியே தீரவேண்டும் என்றால் போனில் சொல்லிக்கொள்ளுங்கள்.