ஆர்டரை ரத்து செய்தால் அது ஒப்பந்த மீறலா?

கேள்வி: வணிகச் சட்டம் படிக்கிறேன். ஓர் இணையக் கடையில் லேப்டாப் ஒன்றை வழக்கமான விலையைவிட 30 சதவீதம் குறைத்துப் போட்டிருந்தார்கள். ஆர்டர் போட்டுப் பணமும் கட்டினேன். “உங்கள் ஆர்டர் கிடைத்தது” என்று மெயில் வந்தது. இரண்டு நாளில் “விலையில் பிழை” என்று சொல்லி ரத்து செய்து, பணத்தைத் திருப்பிவிட்டார்கள். அந்த லேப்டாப்பை நம்பி ஒப்புக்கொண்ட ஒரு வீடியோ எடிட்டிங் வேலையும் கைவிட்டுப் போனது. இது ஒப்பந்த மீறல்தானே? போன வேலைக்கும் சேர்த்து நஷ்டஈடு கேட்கலாமா?

பதில்: இல்லாத ஒப்பந்தத்தை யாரும் மீற முடியாது. அதனால் முதலில் ஒப்பந்தம் பிறந்ததா என்று பார்த்துவிடுவோம். ஆங்கிலப் பொதுச் சட்ட மரபைப் பின்பற்றும் நாடுகளின் விதியை வைத்துச் சொல்கிறேன்.

முன்மொழிவு, ஏற்பு, மறுபயன், தகுதி, சுதந்திரமான சம்மதம், சட்டத்துக்கு உட்பட்ட நோக்கம் என்று பாடப்புத்தகம் ஒரு வரிசை தரும். தேர்வில் பலரும் இந்த ஆறையும் ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தியாக எழுதிவிட்டு வருகிறார்கள். நீங்கள் வயது வந்தவர், லேப்டாப் விற்பது குற்றமில்லை, பணத்துக்குப் பொருள் என்பதால் மறுபயனும் இருக்கிறது. இந்த மூன்றையும் ஒரே வரியில் முடித்துவிடலாம். உங்கள் வழக்கில் சண்டை இரண்டே இடத்தில்தான்: கடை ஏற்றுக்கொண்டதா, அந்தப் பிழை ஒப்பந்தத்தைக் கவிழ்க்குமா.

கடைதான் முன்மொழிந்தது, நான் ஏற்றேன் என்று நினைத்திருப்பீர்கள். சட்டம் இதைத் தலைகீழாகப் பார்க்கிறது. இங்கிலாந்தில் ஃபிஷர் எதிர் பெல் (1961) என்றொரு வழக்கு. கடைக்காரர் ஒருவர் பொத்தானை அழுத்தினால் விரியும் கத்தியை விலைச் சீட்டோடு ஜன்னலில் வைத்திருந்தார். அப்படிப்பட்ட கத்தியை விற்பனைக்கு முன்மொழிவது அங்கே குற்றம். ஆனால் ஜன்னலில் வைப்பது முன்மொழிவே ஆகாது, ‘வந்து கேளுங்கள்’ என்ற அழைப்பு மட்டுமே என்று சொல்லி அவரை விட்டுவிட்டார்கள். இணையப் பக்கமும் பொதுவாக அப்படியொரு ஜன்னல்தான். ஆர்டர் பொத்தானை அழுத்தும்போது முன்மொழிபவர் நீங்கள். ஏற்பதா வேண்டாமா என்பது கடையின் கையில்.

சரி, கடை எப்போது ஏற்றது? இங்கேதான் அந்த மெயிலைச் சொல் சொல்லாகப் படிக்க வேண்டும். “ஆர்டர் கிடைத்தது” என்றால் கடிதம் வந்து சேர்ந்தது என்பதற்கான ரசீது போலத்தான். “ஆர்டர் உறுதி செய்யப்பட்டது, இந்தத் தேதியில் வரும்” என்று இருந்தால் கதை வேறு. அதை ஏற்பாகவே வாதாடலாம். அப்புறம், கடையின் விதிமுறைப் பக்கத்தில் ‘ஒப்பந்தம் எப்போது உருவாகும்’ என்று ஒரு பத்தி இருக்கிறதா பாருங்கள். பொருளை அனுப்பும்போதுதான் ஏற்பு என்று பல கடைகள் எழுதி வைத்திருக்கும். பணத்தை எடுத்துக்கொண்டது உங்கள் பக்கம் ஒரு நல்ல சான்று. ஆனால் மெயிலும் விதிமுறையும் எதிராக நின்றால், அது மட்டும் வழக்கைத் தாங்காது.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. ஏற்பு வரும்வரை முன்மொழிந்தவரும் பின்வாங்கலாம். ஆக, பொருளை அனுப்பும்வரை ஒப்பந்தம் இல்லை என்று கடை எழுதி வைத்தால், அதுவரை நீங்களும் ஆர்டரைத் திரும்பப் பெறலாம். தங்களைக் காக்கப் போட்ட வேலி என்பதால் கடைகள் இதைச் சொல்வதில்லை.

மெயில் உங்களுக்குச் சாதகமாகவே இருக்கிறது, ஒப்பந்தம் பிறந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து கடை ‘பிழை’ என்ற ஆயுதத்தை எடுக்கும். இதற்குச் சிங்கப்பூரில் நடந்த, டிஜிலேண்ட்மால் என்ற இணையக் கடையின் வழக்கைப் படியுங்கள். 2003 ஜனவரியில், 3,854 சிங்கப்பூர் டாலர் விலையுள்ள லேசர் பிரிண்டர் அந்தத் தளத்தில் தவறுதலாக 66 டாலர் என்று ஏறிவிட்டது. நண்பர்களும் தெரிந்தவர்களுமாக ஆறு பேர் சேர்ந்து 1,606 பிரிண்டர்களுக்கு ஆர்டர் போட்டார்கள். வாங்குதல் உறுதி என்று அவர்களுக்குத் தானியங்கி மெயிலும் வந்தது. மெயிலைப் பார்த்தால் ஒப்பந்தம் உருவானது போலத்தான் என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனாலும் அவர்கள் தோற்றார்கள். விலை பிழை என்று தெரிந்துகொண்டே வாங்கியது அவர்கள் தங்களுக்குள் அனுப்பிக்கொண்ட செய்திகளிலிருந்தும், உண்மை விலையை இணையத்தில் தேடிப் பார்த்ததிலிருந்தும் தெரிந்துவிட்டது. எதிராளியின் பிழையைத் தெரிந்துகொண்டே அதைக் கொத்திக்கொண்டு போனால் ஒப்பந்தம் செல்லாது. 2005இல் மேல்முறையீட்டிலும் அதே முடிவுதான்.

உங்கள் நிலை அவர்களுடையதைப் போன்றதல்ல. 30 சதவீதத் தள்ளுபடி எந்த விற்பனைக் காலத்திலும் கண்ணில் படுவது. அதைப் பார்த்ததும் ‘ஏதோ தப்பு’ என்று ஒருவருக்குத் தோன்றியிருக்க வேண்டும் என்று சொல்வது கடினம். ஆனால் “விலையைத் தப்பாகப் போட்டுட்டாங்க, சீக்கிரம் வாங்கு” என்று நண்பருக்கு ஒரு செய்தி தட்டியிருந்தால், அதுவே எதிர்த்தரப்பின் முதல் ஆவணம் ஆகிவிடும்.

இனி நஷ்டஈடு. ஒப்பந்தம் நிறைவேறியிருந்தால் நீங்கள் எங்கே நின்றிருப்பீர்களோ, பணத்தால் முடிந்த அளவு அங்கே உங்களைக் கொண்டுபோய் நிறுத்துவதே அளவுகோல். கணக்கு எளிதாக இருக்க, அந்த லேப்டாப்பின் சந்தை விலை 100 என்றும் நீங்கள் ஒப்புக்கொண்ட விலை 70 என்றும் கொள்வோம். கட்டிய 70 திரும்ப வந்துவிட்டது. அதே பொருளை வெளியே வாங்க 100 வேண்டும். ஆகவே இழப்பு 30. வேறொரு கடையில் 90க்குக் கிடைத்து வாங்கிவிட்டீர்கள் என்றால் இழப்பு 20 மட்டுமே. மூன்று மாதம் சும்மா இருந்து, விலை 120 ஆன பிறகு வாங்கிவிட்டு 50 கேட்டால் கிடைக்காது. நியாயமான முயற்சி எடுத்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய இழப்பை எதிராளியின் தலையில் கட்ட முடியாது. அதற்காக வேலையெல்லாம் விட்டுவிட்டு ஊரெங்கும் மலிவு விலை தேடி அலைய வேண்டியதில்லை. ஒரு சாதாரண மனிதர் செய்யக்கூடியதைச் செய்தால் போதும். அதற்கு ஆன செலவையும் சேர்த்துக் கேட்கலாம்.

போன வேலைதான் இதில் சிக்கலான பகுதி. இதற்கு வழிகாட்டி 1854இல் வந்த ஹாட்லி எதிர் பாக்சன்டேல். க்ளோஸ்டரில் ஒரு மாவு ஆலை. அதன் எந்திரத்தின் தண்டு உடைந்துவிட்டது. புதிதாகச் செய்ய மாதிரி வேண்டும் என்று, உடைந்த தண்டைக் கிரீனிச்சுக்குக் கொண்டுபோகச் சரக்கு ஏற்றிச் செல்பவர்களிடம் கொடுத்தார்கள். அவர்கள் தாமதித்தார்கள். ஆலை கூடுதலாகச் சில நாள் மூடிக் கிடந்தது. போன லாபத்தைக் கேட்டபோது நீதிமன்றம் தர மறுத்தது. ஒருவர் தண்டை அனுப்புகிறார் என்றால் ஆலை நின்று கிடக்கிறது என்று அர்த்தமில்லை. மாற்றுத் தண்டு ஒன்று கையில் இருக்கலாம் அல்லவா? ஆகவே இரண்டு வகை இழப்புக்கு மட்டுமே ஈடு: மீறினால் இயல்பாகவே வரக்கூடியது ஒன்று; ஒப்பந்தம் போடும் நேரத்திலேயே இரு தரப்புக்கும் தெரிந்திருந்த தனிச் சூழ்நிலையால் வருவது இன்னொன்று.

இதை உங்கள் வழக்கில் பொருத்திப் பாருங்கள். லேப்டாப் வரவில்லை என்றால் வேறு லேப்டாப் வாங்கக் கூடுதல் பணம் ஆகும் என்பது இயல்பு. ஆனால் அதை வாங்குபவர் ஒரு குறிப்பிட்ட எடிட்டிங் வேலையை அதை நம்பி எடுத்திருக்கிறார் என்று கடைக்கு எப்படித் தெரியும்? ஆர்டர் படிவத்தில் அதைச் சொல்ல இடமும் இருந்திருக்காது. ரத்து மெயில் வந்த பிறகு “எனக்கு வேலை போய்விடும்” என்று எழுதியது இங்கே உதவாது, தெரிந்திருக்க வேண்டியது ஒப்பந்தம் போட்ட நேரத்தில். கடைக்கு முன்கூட்டியே எழுத்தில் சொல்லியிருந்தால் வாதம் பலமாகும். அப்போதும் ‘வாடகைக்கு ஒரு கணினி எடுத்து வேலையை முடித்திருக்கலாமே’ என்ற கேள்வி வரும். அதைத் தாண்டினாலும் முழுச் சம்பளம் கிடைக்காது. அதில் உங்கள் செலவைக் கழித்து மிஞ்சும் தொகைதான் இழப்பு.

ஏறக்குறைய நூறு ஆண்டு கழித்து வந்த விக்டோரியா லாண்டரி வழக்கு (1949) இந்த விதியின் ஓரத்தை நன்றாகக் காட்டும். சலவை நிறுவனம் ஒன்று கொதிகலன் வாங்கியது. அது பல மாதம் தாமதமாக வந்தது. வாங்குபவர் சலவைத் தொழில் செய்கிறார், கொதிகலன் உடனே வேண்டும் என்பது விற்றவருக்குத் தெரியும். அதனால் வழக்கமான வியாபார லாபத்துக்கு ஈடு கேட்க வழி கிடைத்தது. அரசுக்காகத் துணிக்குச் சாயம் போடும், நல்ல லாபம் தரும் ஒப்பந்தங்கள் பற்றி விற்றவருக்குத் தெரியாது. அவை தந்திருக்கும் தனி லாபத்தை அப்படியே கேட்க முடியவில்லை. உங்கள் எடிட்டிங் வேலை இந்தச் சாய ஒப்பந்தத்தின் பக்கத்தில்தான் நிற்கிறது. மெயிலை ஏற்பாக நிரூபிக்க முடிந்தால் விலை வித்தியாசத்தைக் கேளுங்கள், வேலையை விட்டுவிடுங்கள் என்பதே என் கணிப்பு. குறைந்த விலை காட்டி ஆளை இழுப்பதையே ஒரு கடை வாடிக்கையாக வைத்திருந்தால், ஒப்பந்தமே இல்லாமலும் நுகர்வோர் சட்டத்தில் தனிப் புகார் தர வழி இருக்கலாம். அது நாட்டுக்கு நாடு மாறும்.

கேள்வி: எனக்குப் பணம் வேண்டாம், அந்தப் பொருளையே கொடுக்கச் சொல்லி உத்தரவு வாங்க முடியாதா?

பதில்: கடையில் புதிதாக விற்கும் பொருளுக்குப் பெரும்பாலும் முடியாது. பணம் கொடுத்தால் வேறு இடத்தில் அதே மாடல் கிடைக்கும் என்னும்போது, நஷ்டஈடே போதும் என்று நீதிமன்றம் சொல்லிவிடும். நிறைவேற்றச் சொல்லும் உத்தரவு, பணத்தால் ஈடுகட்ட முடியாத இடத்துக்கானது. நிலம் அதற்கு வழக்கமான உதாரணம்; ஒரு மனை இன்னொரு மனைக்குச் சமமில்லை என்று சட்டம் கருதுகிறது. உலகில் ஒன்றே ஒன்று இருக்கும் ஓவியம், வேறு யாரிடமும் வாங்க முடியாத ஓர் எந்திரம் என்றால் கேட்டுப் பார்க்கலாம். அதே லேப்டாப், பழைய உரிமையாளரின் குறிப்புகளும் கையெழுத்துமாக ஏலத்துக்கு வந்த ஒரே பிரதி என்றால் உங்கள் கேள்விக்கு வேறு பதில் சொல்லியிருப்பேன்.