700 பெட்டி என்று சொன்னது யார்?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் டைப்பிங், மொழிபெயர்ப்புக் கடை வைத்திருக்கிறேன். பண்ருட்டியிலிருந்து முந்திரிப் பருப்பு ஏற்றுமதி செய்யும் அண்ணன் ஒருவர், சரக்கை ஏற்றுக்கொண்டதற்குக் கப்பல் கம்பெனி தரும் பில் ஆஃப் லேடிங்கை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, தமிழில் வேண்டும் என்கிறார். சரக்கு விவரக் கட்டத்தில் சட்ட வாசகமும் சரக்கும் கலந்து கிடக்கின்றன. சில எண்கள் தெளிவாக இல்லை. 'டு ஆர்டர்' என்பதை 'ஆர்டர் கொடுத்தவருக்கு' என்று எழுதியிருக்கிறேன். சரியா?
– ஒரு வாசகி, கடலூர்

பதில்: அந்த 'டு ஆர்டர்' வரியை இன்றே திருத்திவிடுங்கள். இங்கே ஆர்டர் என்பது கொள்முதல் ஆர்டர் இல்லை, உத்தரவு. பெறுநர் கட்டத்தில் பெயர் எதுவும் இல்லாமல் 'டு ஆர்டர்' என்று மட்டும் இருந்தால், சரக்கை அனுப்பியவர் பி.எல்., அதாவது பில் ஆஃப் லேடிங்கின் பின்பக்கம் கையெழுத்திட்டு யாருக்கு மாற்றித் தருகிறாரோ அவருக்கு என்று பொருள். 'அனுப்புநரின் உத்தரவுப்படி' என்று எழுதுங்கள். அதோடு ஒரு வங்கியின் பெயர் இருந்தால் அந்த வங்கியின் உத்தரவுப்படி. நீங்கள் எழுதியதைப் படித்தால் அந்த அண்ணன், சரக்கு ஏற்கெனவே வாங்குபவர் பெயருக்குப் போய்விட்டது என்றுதான் நினைப்பார். அதற்குக் கீழே 'நோட்டிஃபை பார்ட்டி' என்று வாங்குபவரின் பெயர் இருக்கும். கப்பல் வந்ததும் அவருக்குத் தகவல் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அவரையும் பெறுநர் ஆக்கிவிடாதீர்கள்.

இனி அந்தச் சரக்குக் கட்டம். நீங்கள் படத்தை அனுப்பவில்லை. ஆனால் பண்ருட்டி முந்திரி என்றால் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்: "இருபதடி எஃப்சிஎல் கன்டெய்னர் ஒன்று, ஷிப்பர்ஸ் லோட் ஸ்டோ அண்ட் கவுன்ட், செட் டு கன்டெய்ன், 700 கார்ட்டன், கேஷ்யூ கெர்னல்ஸ் டபிள்யூ 320, நெட் 15876.000, கிராஸ் 16800.000, ஃப்ரைட் ப்ரீபெய்ட்". நடுவில் கோடு கிடையாது, எல்லாம் ஒரே எழுத்தளவில் அடித்திருப்பார்கள்.

பிரிப்பதற்கு நான் வைத்திருக்கும் கேள்வி ஒன்றுதான். இதே இடத்தில் பாண்டிச்சேரிக்காரர் ஒருவர் ஊதுபத்தி அனுப்பியிருந்தால் இந்தச் சொல் மாறியிருக்குமா? மாறும் என்றால் அது சரக்கு விவரம். அதன் ஜோடி அண்ணனின் பேக்கிங் லிஸ்டில் கட்டாயம் இருக்கும். மாறாது என்றால் அது கப்பல் கம்பெனி தன்னைக் காத்துக்கொள்ளச் சொல்கிற வாசகம், பேக்கிங் லிஸ்டில் தேடினாலும் கிடைக்காது. 700, முந்திரி, டபிள்யூ 320, எடைகள் ஆகியவை முதல் வகை. 'ஷிப்பர்ஸ் லோட் ஸ்டோ அண்ட் கவுன்ட்', 'செட் டு கன்டெய்ன்' இரண்டும் இரண்டாம் வகை. 'ஃப்ரைட் ப்ரீபெய்ட்' இரண்டிலும் சேராது. கப்பல் கூலியை அனுப்புநர் தரப்பிலேயே கட்டியாயிற்று என்று தனி வரியாக எழுதிவிட்டு நகருங்கள்.

சரக்கு விவரத்தை மொழிபெயர்க்கும் ஆசையை அடக்குங்கள். டபிள்யூ 320 என்பது முழுப் பருப்பின் தரம், ஒரு பவுண்டுக்கு ஏறத்தாழ 320 பருப்பு என்ற கணக்கு. அதை '320 எண்ணிக்கை' என்று எழுதினால் குழப்பம்தான். அப்படியே விட்டுவிடுங்கள்.

இரண்டாம் வகையில்தான் உங்கள் வேலை. பெட்டிகளை அண்ணனின் குடோனில் அவருடைய ஆட்கள் அடுக்கினார்கள், எண்ணினார்கள், கதவுக்குச் சீல் போட்டார்கள். கப்பல்காரர் வாங்கிக்கொண்டது சீல் வைத்த ஒரு கன்டெய்னர். உள்ளே 700 இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை, 700 என்று அனுப்புநர் சொன்னதை எழுதியிருக்கிறார். 'செட் டு கன்டெய்ன்' என்பதை விட்டுவிட்டு '700 பெட்டி ஏற்றப்பட்டது' என்று எழுதினால், பேசுகிற ஆளே மாறிவிடுகிறார். நாளை அந்தப் பக்கம் 690தான் வந்தது என்று தகராறு வந்தால், 'கப்பல் கம்பெனியே 700 என்று எழுதிக் கொடுத்திருக்கிறதே' என்று அண்ணன் உங்கள் தாளை நீட்டுவார். 'ஏற்றியதும் அடுக்கியதும் எண்ணியதும் அனுப்புநரே. உள்ளடக்கம் அனுப்புநர் சொன்னபடி' என்று எழுதுங்கள்.

இதைப் படித்ததும் 'என் மேல் சந்தேகமா?' என்று அவர் கொதிக்கலாம். எஃப்சிஎல், அதாவது முழு கன்டெய்னர் பி.எல். என்றால் இது வழக்கமாக வருவதுதான். எல்.சி. எனும் வங்கி உறுதிக் கடிதம் மூலம் பணம் வருகிறது என்றாலும், அதற்கான சர்வதேச விதிகளான யூசிபி 600இன் 26ஆம் பிரிவு இத்தகைய வாசகத்தை வங்கி ஏற்கலாம் என்றே சொல்கிறது. 'பெட்டி நனைந்திருக்கிறது', 'அட்டை கிழிந்திருக்கிறது' போன்ற குறிப்பு இருந்தால் மட்டும் கதை வேறு. அது பார்க்கச் சரக்கு விவரம் போலத் தெரியும், ஆனால் சரக்கிலோ பேக்கிங்கிலோ குறை என்று நேரடியாகச் சொல்வதால் பி.எல். 'கிளீன்' என்ற தகுதியை இழந்துவிடும். அப்படி ஒரு வரி கண்ணில் பட்டால் தாள் தயாராகும் வரை காத்திருக்காமல் அவருக்கு உடனே போன் போடுங்கள்.

அடியில் வரும் நீண்ட வாக்கியத்தில் நானே ஒருமுறை விழுந்தேன். மூன்று ஒரிஜினல்கள் கையெழுத்திடப்பட்டன, ஒன்று 'அக்கம்ப்ளிஷ்டு' ஆனதும் மற்றவை செல்லாது என்று இருக்கும். சென்னையில் ஒரு ஃபார்வர்டிங் ஆபீசில் சேர்ந்த புதிதில் 'ஒன்று போதும், மற்றவை செல்லாது' என்கிற மாதிரி எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்த வியாபாரி ஒரே ஒரு ஒரிஜினலை வங்கியில் கொடுத்துவிட்டு மற்ற இரண்டையும் மேசை டிராயரில் போட்டுவிட்டார். வங்கி முழு செட் கேட்டுத் திருப்பி அனுப்பியது. 'ஒன்றைக் காட்டிச் சரக்கை டெலிவரி எடுத்த பிறகே மற்றவை செல்லாது' என்று எழுதியிருக்க வேண்டும். அதுவரை மூன்றுக்கும் உயிர் உண்டு.

எண்கள் விஷயத்துக்கு வருவோம். போட்டோவாக அனுப்பினால் வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும். தாளை மேசையில் விரித்து, பகல் வெளிச்சத்தில் நேர்மேலிருந்து எடுத்து, டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். மடிப்பு விழுந்த இடத்தில் புள்ளி காணாமல் போனால் 16800.000 ஒரு கோடியே அறுபத்தெட்டு லட்சம் கிலோ ஆகிவிடும். ஏற்றுமதிப் பெட்டி பெரும்பாலும் 22.68 கிலோ, அதாவது 50 பவுண்டு. 700 பெட்டிக்கு 15,876 கிலோ. நெட் சரியாக நிற்கிறது. கிராஸ் 16,800ஐ 700ஆல் வகுத்தால் பெட்டிக்கு 24 கிலோ, அட்டையும் உள் பேக்கிங்கும் சேர்த்து நம்பக்கூடியது.

கன்டெய்னர் எண் நான்கு எழுத்தும் ஏழு இலக்கமும் கொண்டது. கடைசி இலக்கம் முன்னால் உள்ள பத்தையும் வைத்துக் கணக்கிடப்படுவது. அதனால் 3ஐ 8 என்று படித்துவிட்டால் பெரும்பாலும் கணக்கு இடிக்கும், கப்பல் கம்பெனியின் டிராக்கிங் பக்கத்தில் போட்டாலும் அகப்படாது. சீல் எண்ணுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. கன்டெய்னர் கதவைப் பூட்டும்போது சீலைப் படம் எடுத்து வைத்திருப்பார்கள், அதைக் கேட்டு ஒப்பிடுங்கள். அப்படியும் தெரியாவிட்டால் 'படிக்க இயலவில்லை' என்று அந்த இடத்திலேயே எழுதுங்கள். ஊகித்து நிரப்ப வேண்டாம்.

பி.எல்.லின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஒரு பக்க நிபந்தனைகள் இருக்கும், முன்பக்க வாசகங்கள் அவற்றுக்குக் கட்டுப்பட்டவை. அவர் முன்பக்கத்தை மட்டும் அனுப்பியிருந்தால், உங்கள் தாளின் முடிவில் 'முன்பக்கப் படத்தைப் பார்த்து எழுதியது. பின்பக்க நிபந்தனைகள் பார்க்கப்படவில்லை. அண்ணனின் புரிதலுக்கு மட்டும், வங்கிக்கு அல்ல' என்று மூன்று வரி போட்டுக் கையெழுத்திடுங்கள்.