எவர்சில்வர் பால் புட்டி வாங்கலாமா?

“ஐந்து மாதக் குழந்தைக்குத் தாய். அடுத்த மாதம் வேலைக்குத் திரும்புகிறேன். பகலில் மாமியார் பவுடர் பால் கொடுப்பார். பிளாஸ்டிக் புட்டி ஆகாது என்கிறார்கள். கண்ணாடி கை தவறினால் உடையும் என்று மாமியார் பயப்படுகிறார். எவர்சில்வர் வாங்கிவிடலாமா?” – வாசகி, திருச்சி

தாராளமாக வாங்குங்கள். பவுடர் பால் என்பதால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன். பவுடரில் இருக்கக்கூடிய கிருமிகள் சாக, குறைந்தது 70 டிகிரி சூடுள்ள தண்ணீரில் கரைக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். பிளாஸ்டிக்குக்கு ஆகாதது அந்தச் சூடுதான். பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கில் செய்த பால் புட்டிகளை அயர்லாந்தின் டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் சோதித்து 2020-இல் முடிவை வெளியிட்டார்கள். 25 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 6 லட்சமாக இருந்த பிளாஸ்டிக் நுண்துகள்கள், 95 டிகிரியில் ஐந்தரைக் கோடியாகிவிட்டன. அவை உடலில் என்ன செய்யும் என்பது இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது. சில பிளாஸ்டிக்குகளில் சேரும் பிபிஏ என்ற ரசாயனம் ‘இல்லை’ என்று அட்டையில் போட்டிருந்தாலும் துகள் உதிர்வது நிற்காது. பிளாஸ்டிக் புட்டியைத்தான் பயன்படுத்த வேண்டும் என்றால், பாலை எவர்சில்வர் டம்ளரில் கரைத்து, ஆறிய பிறகு புட்டியில் ஊற்றுங்கள். உட்புறம் கீறல் விழுந்து மங்கினால், அந்த இடுக்கில் பால் தங்கும், புட்டியை மாற்றிவிடுங்கள்.

சுத்தம் என்று பார்த்தால் என் ஓட்டு கண்ணாடிக்கே. ஒட்டியிருக்கும் பால் பளிச்சென்று தெரியும், வாடையும் ஏறாது. சூடு தாங்கும் போரோசிலிகேட் கண்ணாடியாகப் பார்த்து வாங்கி, பாத்திரத்தின் அடியில் துணி போட்டு, பச்சைத் தண்ணீரிலேயே வைத்துக் கொதிக்கவிட்டால் சட்டென்று விரிசல் விடாது. புட்டியின் வாயில் சிறு சில்லு பெயர்ந்திருந்தாலும் தூக்கிப் போட்டுவிட வேண்டும். நடமாட ஆரம்பிக்கும் குழந்தையை வைத்துக்கொண்டு உங்கள் மாமியார் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது.

எவர்சில்வரில் 304 தரம் கேளுங்கள். உடையாது, துருப்பிடிக்காது. ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. கழுத்து வளையும் இடத்தில்தான் பால் படிந்து காயும். அகன்ற வாய் உள்ளதாக வாங்கினால் பிரஷ் அங்கே எட்டும். கழுவியதும் விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். வழவழப்போ புளித்த வாடையோ இருந்தால் மறுபடி தேய்க்க வேண்டும். கிருமி நீக்கக் கொதிக்க வைத்தாலே போதும். குளோரின் மாத்திரைக் கரைசலில் ஊறப்போட்டால் எவர்சில்வரில் புள்ளி புள்ளியாக அரிக்கும்.

இன்னொன்று, சூடான பாலை ஊற்றினால் ஒற்றைச் சுவர் புட்டி வெளியேயும் சுடும். குழாய்த் தண்ணீரில் பிடித்து ஆற்றி, குலுக்கி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்த பிறகே கொடுக்க வேண்டும். குழந்தை எவ்வளவு குடித்தது என்று வெளியிலிருந்து தெரியாது என்பதால், மிச்சத்தை அளவு டம்ளரில் ஊற்றிப் பார்த்துவிட்டுக் கொட்டச் சொல்லுங்கள்.

எந்தப் புட்டி ஆனாலும் நிப்பிள் பெரும்பாலும் சிலிகோன்தான். பல் முளைக்கும் வயது, கடித்துக் கிழிக்கும். தினமும் இழுத்துப் பாருங்கள். பிசுபிசுத்தாலோ கீறல் தெரிந்தாலோ அன்றே புதிது மாற்றுங்கள்.