சிட்டை கையில் இருக்கிறது, காசு எங்கே?

கொழும்பில் கோயில்கள், சங்கங்கள், அறநிதிகள் என்று பல இடங்களின் கணக்கைப் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சமயத் தீர்ப்பு சொல்வது என் வேலை இல்லை, கணக்கைப் பற்றிக் கேளுங்கள் என்றேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

"அண்ணா, வெள்ளவத்தையில் ஒரு கோயில் திருப்பணிக்கு 50,000 கொடுத்தேன். சிட்டையும் தந்தார்கள். இரண்டு வருடமாக வேலை அப்படியே நிற்கிறது. களவு போய்விட்டதா?"

அக்கா, அவசரப்பட்டு அந்தச் சொல்லைச் சொல்லாதீர்கள். என் அனுபவத்தில் களவை விடக் கலப்புத்தான் அதிகம். நான் கணக்குப் பார்த்த ஒரு கோயிலைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம்.

திருப்பணிக்கென்று வந்தது 48 லட்சம். சிற்பாசாரியாருக்கு முற்பணம் 19 லட்சம், சீமெந்து, மணல், கம்பிக்கு எட்டரை லட்சம், இதர செலவு 2 லட்சத்து 20 ஆயிரம். ஆகச் செலவு 29 லட்சத்து 70 ஆயிரம். அப்படியென்றால் வங்கியில் 18 லட்சத்து 30 ஆயிரம் கிடக்க வேண்டும். வங்கிக் கூற்றை எடுத்தால் 6 லட்சத்து 10 ஆயிரம்தான். மீதி 12 லட்சத்து 20 ஆயிரம் எங்கே? தனாதிகாரி கொஞ்சமும் தயங்காமல் சொன்னார்: "போன மகோற்சவத்துக்குக் காசு போதவில்லை, அதிலிருந்து எடுத்தோம். கோயிலுக்குள்தானே போனது?"

அவர் ஒரு ரூபாய்கூட வீட்டுக்குக் கொண்டு போகவில்லை, அதை நான் நம்புகிறேன். ஆனாலும் அது தவறு. நீங்கள் கொடுத்தது கோபுரத்துக்கு, மேளத்துக்கும் பந்தலுக்கும் இல்லை. கடைசியில் அந்தத் தொகையைப் பொதுநிதியின் கடனாக எழுதி, மாதம் ஒரு லட்சமாகத் திருப்பிப் போட வைத்தோம். முடிய ஒரு வருடத்துக்கும் மேலானது.

உங்கள் கோயிலில் மூன்று விஷயம் பாருங்கள். திருப்பணிக்குத் தனி வங்கிக் கணக்கு உண்டா? கணக்கறிக்கையில் "பொதுநிதிக்கு மாற்றம்" என்று ஏதாவது வரி இருக்கிறதா? "முற்பணம்" என்ற தொகை போன வருடமும் இந்த வருடமும் மாறாமல் நிற்கிறதா? மூன்றாவதுதான் எனக்கு அதிகம் உறுத்தும். ஆசாரியார் வேலை செய்திருந்தால் பில் வந்து முற்பணம் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை என்றால் ஒன்று வேலை நடக்கவில்லை, இல்லையென்றால் யாரும் கணக்கைத் தீர்க்கவில்லை.

சிட்டையையும் எடுத்துப் பாருங்கள். அச்சிட்ட தொடர் இலக்கம் இருக்க வேண்டும். எதற்கான காசு என்ற இடத்தில் "நன்கொடை" என்று மட்டும் எழுதியிருந்தால், நீங்கள் திருப்பணிக்குக் கொடுத்தீர்கள் என்பதற்குச் சாட்சி உங்கள் வாய் மட்டும்தான்.

"இவ்வளவு மினக்கெடுவானேன்? இந்து கலாசாரத் திணைக்களத்தில் பதிந்த கோயிலா என்று பார்த்தால் போதும். வரியிலும் கழிக்கலாமே."

ஐயா, பாதி சரி. பதிவு இருப்பது நல்லது. ஆனால் பதிவு என்றால் அந்தக் கோயில் இருக்கிறது, இன்னார் நடத்துகிறார்கள் என்பதுதான். உங்கள் காசு போன இடத்தை ஒருவர் பார்த்தார் என்று அதற்கு அர்த்தம் இல்லை.

வரி வேறு கதை. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தில் தனியாருக்கு அறக்கொடைக்காகச் சலுகை கிடைப்பது, நோயாளிகளையும் ஆதரவற்றவர்களையும் தங்கவைத்துப் பராமரிக்கும், அரசு அங்கீகரித்த அறநிலையங்களுக்குக் கொடுத்தால்தான். அதிலும் 75,000 ரூபாய் அல்லது வரிக்குரிய வருமானத்தில் மூன்றிலொன்று, எது குறைவோ அது. கோபுரத்துக்குக் கொடுத்ததை அதில் போட முடியாது. முதியோர் இல்லத்துக்குக் கொடுக்கிறீர்கள் என்றால், அங்கீகாரக் கடிதத்தின் பிரதியைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

"கொட்டாஞ்சேனையில் இருக்கிறேன். தசமபாகத்தை ஈ.பி.எஃப். கழிக்க முதலா பிறகா பார்ப்பது? சபையில் பாஸ்டரின் சொந்தக் கணக்கில் போடச் சொல்கிறார்கள்."

தங்கச்சி, முதல் கேள்வியில் சபைக்குச் சபை பேச்சு வேறு. கத்தோலிக்கத் திருச்சபை பத்தில் ஒன்று என்று கட்டாயப்படுத்துவதே இல்லை, உதவும் கடமை உண்டு என்பதோடு நிற்கிறது. நீங்களே தீர்மானியுங்கள்.

இரண்டாவதுக்குத் தயக்கமில்லாமல் சொல்வேன்: வேண்டாம். பாஸ்டர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் வேண்டாம். நாளை அவர் காலமானால் அது அவருடைய பிள்ளைகளின் சொத்தாகப் பார்க்கப்படும், சபை வழக்குக்கு அலைய வேண்டும். பவுல் எருசலேமுக்குக் காணிக்கை சேர்த்தபோது தனியே கொண்டு போகவில்லை. யாரும் குற்றம் சொல்லக்கூடாது என்று சபைகள் தெரிந்தெடுத்த ஒருவரையும் கூட்டிக்கொண்டார், 2 கொரிந்தியர் 8இல் இருக்கிறது. அதைக் காட்டிக் கேட்டால் யாருக்கும் கோபம் வராது. அடுத்த மாதம் சபையின் பெயருக்குக் குறுக்குக்கோடு போட்ட காசோலை ஒன்று கொடுத்துப் பாருங்கள். மாற்ற முடியவில்லை என்று திரும்பி வந்தால், சபைக்கு வங்கிக் கணக்கே இல்லை என்பது தெரிந்துவிடும்.

"நான் மாதாமாதம் சம்பளத்தில் இரண்டரை வீதத்தைப் பள்ளிவாசல் கட்டடத்துக்குக் கொடுக்கிறேன். ஸகாத் முடிந்தது. நானும் உங்கள் முறைப்படிச் சிட்டை கேட்க வேண்டுமா?"

நானா, சிட்டைக்கு முன்னால் வேறொன்று இருக்கிறது. ஸகாத் என்ற கடமைத் தானம் சம்பளத்தைப் பார்த்து வருவதில்லை, சேமிப்பைப் பார்த்து வருவது. நிஸாப் என்ற குறைந்தபட்ச அளவை எட்டிய பணம் ஒரு சந்திர வருடம் உங்களிடம் இருந்தால் அதில் இரண்டரை வீதம். பொன் கணக்கில் நிஸாப் 85 கிராம், நம் பேச்சில் பத்தரைப் பவுணுக்குச் சற்று மேல். வெள்ளிக் கணக்கில் பார்த்தால் மிகக் குறைந்த தொகைக்கே கடமையாகிவிடும். எதை எடுப்பது என்பதில் உலமாக்களுக்குள் ஒரே கருத்து இல்லை, உங்கள் மௌலவியிடம் கேளுங்கள். கட்டடத்தையும் கேளுங்கள். ஸகாத் யாருக்குப் போகலாம் என்று குர்ஆன் 9:60 சொல்லும் எட்டுப் பிரிவில் கட்டடம் அடங்காது என்பதே பெரும்பாலோர் கருத்து. நீங்கள் கொடுத்தது வீண் இல்லை, ஸதகா என்ற விருப்பத் தானமாக நிற்கும்.

சிட்டைக்கு வருவோம். ஸகாத்தும் கட்டட நிதியும் ஒரே புத்தகத்தில் எழுதப்படுகிறதா என்று பாருங்கள். முதல் கேள்வியில் சொன்ன அதே கலப்பு இங்கேயும் நடக்கும். பதிவான பள்ளிவாசல்களின் நம்பிக்கையாளர்கள் வக்பு சபைக்குக் கணக்குக் காட்ட வேண்டியவர்கள் என்பதால், அனுப்பிய அறிக்கையின் பிரதி பள்ளிவாசலிலேயே இருக்க வேண்டும்.

"திரும்பவும் நான்தான் அண்ணா, திருப்பணிக்காரி. செயலாளரிடம் கேட்டேன். 'பொதுச்சபைக் கூட்டத்துக்கு வாங்கோ' என்கிறார். நான் உறுப்பினர் இல்லை."

அவர் சொன்னது மறுப்பில்லை அக்கா, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். சபையின் யாப்பை வாங்கி, கூட்டத்துக்கு எத்தனை நாளுக்கு முன் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்று பாருங்கள். நாள் தப்பிவிட்டால் சந்தா கட்டிய உபயகாரர் ஒருவர் மூலம் கேள்வியை எழுத்தில் கொடுங்கள். "திருப்பணி வங்கிக் கணக்கின் மிச்சம் என்ன, ஆசாரியாரின் முற்பணத்தில் தீர்ந்தது எவ்வளவு" என்று இரண்டு வரி போதும், குற்றச்சாட்டு ஒன்றும் எழுத வேண்டாம்.

கோயில் பொது நம்பிக்கைச் சொத்து என்றால் அக்கறையுள்ள ஐந்து பேர் சேர்ந்து மாவட்ட நீதிமன்றம் போகவும் வழி உண்டு. ஆனால் கொழும்பில் சில கோயில்கள் குடும்பச் சொத்து. உங்களுடையது எது என்பதை யாப்பின் முதல் பக்கத்தில் தேடுங்கள், யாப்பே இல்லை என்றால் எனக்கு மறுபடி எழுதுங்கள்.