வெள்ளிக்கிழமை மாலையில் மவுத்தானால்: லண்டன் ஜனாஸா கேள்வி பதில்

கிழக்கு லண்டனில் மய்யித்துக் குளிப்பாட்டும் தன்னார்வக் குழுவில் பல வருடமாக இருக்கும் ஒரு சகோதரர் பதில் சொல்கிறார். மற்ற உறுப்பினர்களும் இடையிடையே பேசுகிறார்கள்.

கேள்வி (இல்ஃபோர்டு): வாப்பா ஆஸ்பத்திரியில் இருக்காங்க. ரெண்டு நாள்தான்னு டாக்டர் சொல்லிட்டாங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மவுத்தானா திங்கட்கிழமை வரை காத்திருக்கணுமா?

பதில்: பெரும்பாலும் தேவையில்லை. ஆனால் அதற்கான வேலையை இப்போதே, வாப்பா உயிரோடு இருக்கும்போதே தொடங்க வேண்டும். சொல்லவே மனசு வராது, ஆனாலும் இன்று வார்டு நர்ஸிடம் "எங்கள் மார்க்கப்படி சீக்கிரம் அடக்கணும்" என்று சொல்லி, அதை நோயாளியின் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். இரவு ஷிஃப்டில் வருகிறவருக்கு உங்களைத் தெரியாது. குறிப்பில் இருப்பதுதான் தெரியும்.

இங்கிலாந்தில் 9 செப்டம்பர் 2024 முதல், விபத்து, காரணம் தெரியாத மரணங்களை விசாரிக்கும் அதிகாரியான கொரோனர் விசாரிக்காத ஒவ்வொரு மரணத்தையும் மெடிக்கல் எக்ஸாமினர் என்ற இன்னொரு மருத்துவர் பார்த்தாக வேண்டும். வைத்தியம் பார்த்த டாக்டர் மரணக் காரணச் சான்றிதழை எழுதுவார், மெடிக்கல் எக்ஸாமினர் அதைச் சரிபார்ப்பார், பிறகு அது பதிவாளர் அலுவலகத்துக்குப் போகும். பதிவாளர் பச்சைப் படிவம் கொடுத்தால்தான் மையவாடியில் குழியில் இறக்க விடுவார்கள். முழு மரணச் சான்றிதழ் பிறகு வந்தால் போதும், அடக்கத்துக்குப் பச்சைப் படிவம்தான் கணக்கு.

வெள்ளி மாலை 6 மணிக்கு மவுத்து என்று வைத்துக்கொள்வோம். அன்று இரவே சான்றிதழ் எழுதக்கூடிய டாக்டர் பணியில் இருக்கிறாரா என்று கேளுங்கள். அவர் வீட்டுக்குப் போய்விட்டால் திங்கள் காலைதான் வருவார், வார இறுதி வீணாவது பெரும்பாலும் இந்த ஒரு இடத்தில்தான். பல ஆஸ்பத்திரிகளில் இப்படி அவசர அடக்கம் கேட்பவர்களுக்காக சனி, ஞாயிறிலும் மெடிக்கல் எக்ஸாமினரைக் கூப்பிட ஏற்பாடு இருக்கிறது. மரண ஆவண அலுவலகம் பூட்டியிருந்தால், அந்த இரவுக்குப் பொறுப்பான சைட் மேனேஜரைக் கேளுங்கள். பல கவுன்சில்களில் சனிக்கிழமை காலை அடக்கத்துக்காக மட்டும் பதிவாளர் போனில் கிடைப்பார். இதெல்லாம் கூடிவந்தால் சனிக்கிழமை ளுஹருக்குப் பிறகு அடக்கலாம். ஜனாஸா சேவைக்காரரிடம் மையவாடியின் கடைசி நேரத்தை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் சீக்கிரம் இருட்டிவிடும், அதற்குள் முடிக்கச் சொல்வார்கள்.

கேள்வி (லெஸ்டர்): 24 மணி நேரம் தாண்டினால் ஹராம்தானே? மச்சான் சென்னையிலிருந்து வந்து முகம் பார்க்கணும்னு சொல்றார். ஜமாஅத்தில் சண்டையாப் போச்சு.

பதில்: அடக்குவதைத் தாமதிக்கக் கூடாது என்பது சரி. 24 மணி நேரம் என்ற எண்ணிக்கை ஹதீஸில் இல்லை. "ஜனாஸாவை விரைவுபடுத்துங்கள்" என்பதுதான் புகாரியில் வருவது. சூரியன் உதிக்கும்போதும், உச்சியில் நிற்கும்போதும், மறையும்போதும் அடக்குவது விலக்கப்பட்டிருக்கிறது. இரவில் அடக்கலாம்.

ஆகவே காகிதம் வரத் தாமதமானால் நீங்கள் குற்றவாளி இல்லை. எல்லாக் காகிதமும் கையில் இருக்கும்போது, ஒரு ஆள் விமானம் ஏறட்டும் என்று மய்யித்தைக் குளிர்பெட்டியில் வைப்பதுதான் கேள்விக்குரியது. காகிதத்துக்காகக் காத்திருக்கும் அதே நேரத்தில் மச்சான் வந்து சேர்ந்தால் வரட்டும். அவருக்காகத் தனியாக ஒரு நாளைத் தள்ளாதீர்கள். மச்சானுக்கு விசா கையில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். விசா இல்லாமல் "நாளைக்கு வந்துடுவேன்" என்று அவர் சொன்னால் அது நடக்காது.

கேள்வி (பர்மிங்ஹாம்): உம்மா பாத்ரூமில் விழுந்து இடுப்பு எலும்பு முறிஞ்சு, மூணு வாரம் கழிச்சு நிமோனியாவில் மவுத். இயற்கை மரணம்தானே? ஏன் கொரோனருக்குப் போச்சு?

பதில்: நிமோனியாவுக்கு வழிவிட்டது அந்த எலும்பு முறிவு என்று டாக்டர் கருதினால், சட்டப்படி அது விபத்தோடு தொடர்புடைய மரணம், கொரோனருக்குச் சொல்லியே ஆக வேண்டும். வயதானவர்கள் விஷயத்தில் நம் குடும்பங்கள் அதிர்ந்துபோவது இதில்தான். யாரும் உங்கள் மேல் சந்தேகப்படவில்லை.

கொரோனர் அலுவலரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று, ஆஸ்பத்திரிப் பதிவுகளையும் எக்ஸ்ரேயையும் வைத்தே காரணத்தை முடிவுசெய்ய முடியுமா? எலும்பு முறிவு படத்திலேயே தெரிவதால் இப்படிப்பட்ட மரணங்களில் பல நேரம் உடலை அறுக்கத் தேவை வருவதில்லை. இரண்டு, பரிசோதனை வேண்டுமென்றால் அறுவைக்குப் பதில் சி.டி. ஸ்கேன் ஏற்பார்களா? வசதி எல்லா ஊரிலும் இல்லை, கட்டணம் பெரும்பாலும் குடும்பத்தின் தலையில் விழும். ஸ்கேனில் தெரியாத காரணமும் உண்டு, அப்போது அறுவைதான். முடிவு கொரோனருடையது, உங்களால் தடுக்க முடியாது. ஆனால் கோரிக்கையை முதல் போனிலேயே வையுங்கள். விசாரணை பின்னால் நடந்தாலும், அடக்க உத்தரவை முன்கூட்டியே கொடுத்து மய்யித்தை விடுவிக்க அவருக்கு அதிகாரம் இருக்கிறது.

கேள்வி (ஒரு சகோதரி, குரோய்டன்): பெண்களைக் குளிப்பாட்ட எங்க ஏரியாவில் ஆளே இல்லை. நானும் ரெண்டு ராத்தாமாரும் செய்யப் போறோம். ஆஸ்பத்திரியிலிருந்து வர்ற உடம்பில் ரத்தம் கசியும்னு சொல்றாங்க, அதான் பயம்.

பதில்: மூன்று பேர் போதும். ஒருவர் தண்ணீர் ஊற்ற, இருவர் திருப்பவும் கழுவவும். நான்காவதாக ஒருவர் கதவருகே துண்டு, பஞ்சு எடுத்துக் கொடுக்க இருந்தால் நல்லது.

முதலில் கையில் கட்டியிருக்கும் பிளாஸ்டிக் பட்டையில் பெயரைப் படித்துப் பாருங்கள். சரியென்று உறுதியான பிறகே வெட்டி எடுங்கள். தொப்புளிலிருந்து முழங்கால் வரை கெட்டியான துணி போட்டு, அதன் அடியில்தான் மற்ற உடைகளைக் கழற்ற வேண்டும். குளிர்பெட்டியிலிருந்து வந்த உடம்பு விறைத்திருக்கும். கையை இழுக்காதீர்கள், வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி மூட்டைப் பிடித்து மெல்ல நீவினால் தளரும். தலையையும் தோளையும் கொஞ்சம் தூக்கி, வயிற்றை இலேசாக அழுத்துங்கள், உள்ளே மிச்சம் இருப்பது இப்போதே வந்துவிடட்டும். கையுறைமேல் துணி சுற்றிக்கொண்டு போர்வைக்கு அடியில் சுத்தம் செய்யுங்கள். பிறகு ஒளு. பிறகு தலை, வலப்பக்கம், இடப்பக்கம். மூன்று தடவை, தேவையென்றால் ஐந்து, ஏழு. ஒற்றைப்படையில் நிறுத்துங்கள். முன் தடவைகளுக்கு இலந்தை இலை கிடைக்காவிட்டால் சோப்பு போதும். கடைசித் தண்ணீரில் கற்பூரம். அது தண்ணீரில் சுலபமாகக் கரையாது, பொடித்துக் கலக்குங்கள். பாச்சை உருண்டை கற்பூரம் இல்லை, அதைப் போடாதீர்கள்.

ரத்தம் கசிவது பெரும்பாலும் ட்ரிப் ஊசி இருந்த இடத்தில்தான். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிட்டவர்களுக்கு இது அதிகம். ஊசி இன்னும் இருந்தால் எடுத்து, பஞ்சு வைத்து சில நிமிடம் அழுத்திப் பிடித்து, தண்ணீர் புகாத பிளாஸ்டர் ஒட்டிவிடுங்கள். போஸ்ட்மார்ட்டம் முடிந்து வந்தால் தையல் மேல் தண்ணீரை வேகமாக அடிக்காதீர்கள். கழுவிய பிறகு தையல் நெடுக பஞ்சும் அகலப் பிளாஸ்டரும் வைத்து, கஃபனுக்கு அடியில் பிளாஸ்டிக் விரிப்பு போடுங்கள். கஃபன் போட்ட பிறகு கசிந்தாலும் மறுபடி குளிப்பாட்ட வேண்டாம். அந்த இடத்தைச் சுத்தம் செய்தால் போதும்.

வயதானவர்களின் தோல் ஈரக் காகிதம் மாதிரி. தேய்க்காதீர்கள்.

இடையில் (காயல்பட்டினத்திலிருந்து ஒரு காக்கா): ஒளுவில் ஒரு திருத்தம். ஷாஃபி மத்ஹபில் வாய்க்கும் மூக்குக்கும் தண்ணீர் உண்டு, உள்ளே இறங்காமல் தலையைச் சாய்த்துக் கொடுப்போம். ஹனஃபியில் ஈரத்துணியால் துடைப்பதோடு சரி.

பதில்: உண்மை காக்கா. சகோதரி எந்த மத்ஹபோ அப்படிச் செய்யட்டும். வாயில் தண்ணீர் நின்றால் பின்னால் திருப்பும்போது கஃபனில் வழியும், அதனால் ஷாஃபிக்காரர்களும் குறைவாகவே விடுங்கள்.

கேள்வி (லூட்டன்): குரோய்டன் சகோதரி பெண்கள் குளிப்பாட்டுறதைக் கேட்டாங்க, நான் கேட்கிறது என் விஷயம். மனைவியின் முகத்தை நான் பார்க்கலாமா? மவுத்தானதும் நிக்காஹ் முறிஞ்சிடும்னு ஒருத்தர் தடுத்துட்டார்.

பதில்: முகம் பார்ப்பதை யாரும் தடுக்க முடியாது, எல்லா மத்ஹபிலும் பார்க்கலாம். கபரில் இறக்கவும் செய்யலாம். உங்களைத் தடுத்தவர் குளிப்பாட்டும் சட்டத்தையும் பார்ப்பதையும் குழப்பிக்கொண்டார். கணவன் மனைவியைக் குளிப்பாட்டுவது ஷாஃபியில் ஆகும், ஹனஃபியில் ஆகாது. மனைவி கணவனைக் குளிப்பாட்ட இரண்டிலும் ஆகும்.

கேள்வி (துபாய்): ரூம்மேட் மவுத். ராமநாதபுரத்தில் குடும்பம் ஊருக்கு அனுப்பச் சொல்லுது. குளிப்பாட்டி அனுப்பணுமா, ஊரில் பார்த்துக்கலாமா?

பதில்: அங்கேயே குளிப்பாட்டுங்கள். விமானத்தில் போகும் உடலுக்கு எம்பாமிங் கட்டாயம், பெட்டியும் அடைத்து முத்திரை வைத்து வரும். ஊரில் அதைத் திறக்க முடியாமல் போகலாம். "ஊரில் பார்த்துக்கலாம்" என்று விட்டால் குளிப்பும் கஃபனும் இல்லாமலே அடக்க நேரலாம்.

வரிசைதான் முக்கியம்: முதலில் எம்பாமிங், பிறகு குளிப்பு, கஃபன், ஜனாஸாத் தொழுகை, பிறகு பெட்டி அடைப்பு. மாற்றிச் செய்தால் போட்ட கஃபனை எம்பாமிங் செய்பவர் அவிழ்ப்பார், மருந்து ஏற்றிய வெட்டிலிருந்து நீர் கசிந்து துணியை நனைக்கும். கஃபன் துணியை அவருடைய உயரத்துக்கு மட்டும் வெட்டாதீர்கள். ஐந்தே முக்கால் அடி ஆளுக்கு வெளித்துணி எட்டடி நீளம் இருந்தால்தான் தலையிலும் காலிலும் முடிச்சுப் போட இடம் இருக்கும்.

காகிதத்தில் மரணச் சான்றிதழ், எம்பாமிங் சான்றிதழ், பெட்டி அடைத்த சான்றிதழ், ரத்து செய்த பாஸ்போர்ட், இந்தியத் தூதரகத்தின் தடையில்லாச் சான்று எல்லாம் சேர வேண்டும். இந்திய விமான நிலைய சுகாதார அனுமதிக்கு eCARe தளத்தில் முன்கூட்டியே ஏற்றினால் ஊரில் இறங்கியபின் காத்திருப்பு குறையும். செலவுக்கு வழியில்லாவிட்டால் தூதரகத்தின் இந்தியச் சமுதாய நல நிதியைக் கேளுங்கள்.

ஆனாலும் குடும்பத்திடம் ஒருமுறை பேசிப் பாருங்கள். மவுத்தான ஊரிலேயே அடக்குவதுதான் நல்லது என்பது உலமாக்களின் பொதுவான கருத்து. அங்கேயே அடக்கக் குடும்பத்தின் எழுத்துபூர்வ சம்மதம் கேட்பார்கள், அதை ஊரிலிருந்து இன்றே அனுப்பச் சொல்லலாம். முடிவு அவர்களுடையது.

இடையில் (துபாய்க்காரர் மீண்டும்): அப்ப ஊரில் காயிப் ஜனாஸா வெச்சுக்கலாமா? அவங்க ராவுத்தர் குடும்பம், ஹனஃபி.

பதில்: ஷாஃபியில் தாராளமாக உண்டு. ஹனஃபியில் ஜனாஸா முன்னால் இல்லாமல் தொழுகை இல்லை. ஊர்ப் பள்ளி ஹஜ்ரத் அனுமதிக்காவிட்டால் சண்டை போடாமல் துஆவோடு நிறுத்தச் சொல்லுங்கள்.

காயல்பட்டினம் காக்கா: ஹனஃபிப் பள்ளியிலேயே சில ஊரில் தொழுகிறார்களே?

பதில்: தொழுகிறார்கள். சரியா என்று அந்தந்த ஊர் ஆலிம்கள் இன்னும் வாதாடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

கேள்வி (ஈஸ்ட் ஹாம்): லண்டன் மையவாடியில் கபர் கோணலா இருக்கே? நம்ம ஊரில் வடக்கு தெற்காத்தானே வெட்டுவாங்க?

பதில்: தமிழ்நாட்டுக்கு மக்கா மேற்கே, அதனால் தலை வடக்கே, முகம் மேற்கே. லண்டனுக்கு மக்கா தென்கிழக்கே. அதனால் வலப்பக்கம் சாய்த்துத் தலையைத் தென்மேற்கிலும் காலை வடகிழக்கிலும் வைக்க வேண்டும். நிலத்தின் எல்லைக்கு அது கோணலாகத் தெரியும், கபர் சரியாகத்தான் இருக்கிறது. கவுன்சில் மையவாடியில் முஸ்லிம் பகுதி இல்லாத மூலையில் இடம் கொடுத்தால் மட்டும், குழி வெட்டும் முன் திசையைக் காம்பஸில் பார்த்துச் சொல்லிவிடுங்கள். வெட்டிய பிறகு திருப்ப முடியாது.