ஓ.டி.யா, ஓ.டபிள்யூ.வா?

கேள்வி: அம்மாவின் டிஸ்சார்ஜ் சீட்டில் 'கே/சி/ஓ ஆர்.ஏ., எஸ்.எச்.டி.' என்றும் 'டேப். எம்.டி.எக்ஸ். 7.5' என்றும் இருக்கிறது. பக்கத்தில் ஓ.டி.யா, ஓ.டபிள்யூ.வா தெரியவில்லை. மெடிக்கல் ஷாப்பில் தினமும் ஒன்று என்கிறார்கள். இதையெல்லாம் முழுதாக எழுதி வைப்பது எப்படி?

பதில்: முதலில் அந்த எம்.டி.எக்ஸ். மாத்திரையைத் தனியே எடுத்து வையுங்கள். டாக்டரைக் கேட்கும்வரை கொடுக்க வேண்டாம். அது அநேகமாக மெத்தோட்ரெக்சேட். முடக்குவாதத்துக்கு அதை வாரம் ஒருமுறைதான் கொடுப்பார்கள். ஓ.டபிள்யூ. என்றால் அதுதான், ஓ.டி. என்றால் தினம் ஒருமுறை. தினமும் போட்டால் உடம்பில் ரத்த அணுக்கள் உற்பத்தியாவதே குறைந்து உயிருக்கு ஆபத்தாகும். ஏற்கெனவே தினமும் கொடுத்திருந்தால், வாய்ப்புண்ணோ காய்ச்சலோ வரட்டும் என்று காத்திருக்காமல் இன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சரி, எழுதும் முறைக்கு வருவோம். ஒரு நோட்டில், சீட்டில் உள்ளதை உள்ளபடியே எழுதுங்கள். பக்கத்தில் விரிவை எழுதுங்கள். சந்தேகம் இருந்தால் ஒரு கேள்விக்குறி. 'கே/சி/ஓ' என்பது ஏற்கெனவே கண்டறியப்பட்ட நோய். 'எஸ்.எச்.டி.' உயர் ரத்த அழுத்தம். 'ஆர்.ஏ.' இங்கே முடக்குவாதம். அதே எழுத்துகள் ஆக்சிஜன் அளவின் பக்கத்தில் வந்தால், குழாய் வைக்காமல் அறைக் காற்றில் பார்த்த அளவு என்று பொருள். எம்.டி.எக்ஸ்.க்கு மட்டும் இரண்டு கேள்விக்குறி போடுங்கள்: மருந்தின் பெயருக்கு ஒன்று, எத்தனை நாளுக்கொருமுறை என்பதற்கு ஒன்று.

ஓ.டி.க்கு ஒரு விலக்கு உண்டு. கண் டாக்டர் சீட்டில் அது வலது கண்ணைக் குறிக்கலாம். சொட்டு மருந்தின் எதிரே 'ஓ.டி.' என்று மட்டும் இருந்தால், வலது கண்ணிலா, தினம் ஒருமுறையா என்று கேட்டே ஆக வேண்டும். அதே சீட்டில் 'ஓ.எஸ்.' என்று இடது கண்ணுக்கும் எழுதியிருந்தால் குழப்பம் பெரும்பாலும் தீரும். மாத்திரைக்கு எதிரே வந்தால் இந்தக் கவலை வேண்டாம்.

இன்ஷூரன்ஸுக்கு டைப் செய்து தருகிறோம் என்று ஆஸ்பத்திரி வாசலில் நிற்பவர்களிடம் மட்டும் இதைக் கொடுத்துவிடாதீர்கள். புரியாத இடத்தை ஊகித்து நிரப்பிவிடுவார்கள். அச்சில் வந்தபின் அது ஊகம் என்று யாருக்கும் தெரியாது. அடுத்த டாக்டரும் அதையே நம்புவார். கவுன்டரில் நிற்கும் பையனின் பதிலும் அப்படித்தான். மருந்தாளுநர் யார் என்று கேட்டு அவரிடம் பேசுங்கள்.

மருந்தின் பெயரைப் படிக்கும்படி, முடிந்தால் பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சில் 2016லேயே விதி திருத்தியது. இத்தனை வருடம் கழித்தும் நோயாளியின் பிள்ளைகள் எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டியிருக்கிறது!

டாக்டரிடம் கேட்கும்போது "இது ஓ.டி.தானே?" என்று கேட்காதீர்கள். அவசரத்தில் "ஆமாம்" என்றுவிடுவார். "இது என்ன மருந்து, எதற்கு, எந்தக் கிழமை, எத்தனை?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் கிழமையை மாத்திரை உறையின் மேல் அவர் கையாலேயே எழுதி வாங்குங்கள்.